பொருள்: மாவுக்கட்டு நீக்கித் தந்த படத்தில் குறைகள்

அனுப்புநர்: வாடிக்கையாளர், முதலியார்பேட்டை, புதுச்சேரி.
பெறுநர்: மேலாளர், போட்டோ ஸ்டூடியோ, புதுச்சேரி.

ஐயா,

கடற்கரைச் சாலையில் நாங்கள் நான்கு நண்பர்கள் காலை வெயிலில் எடுத்த படத்தைச் சரிசெய்யத் தங்களிடம் கொடுத்திருந்தேன். பைக்கிலிருந்து விழுந்து மணிக்கட்டு முறிந்த நண்பரின் இடது கை, மாவுக்கட்டோடு கழுத்தில் மாட்டிய தொட்டிலில் இருந்தது. இரண்டையும் எடுத்துவிட்டு இயல்பான கை வேண்டும் என்றேன். ஒருவர் சிங்கப்பூர் திரும்பிவிட்டதால் மறுபடி சேர்ந்து எடுக்க வழியில்லை.

வந்த படத்தைப் பார்த்து நண்பரே சிரித்துவிட்டார். அவருடைய வலது கையை நகலெடுத்து, இடவலமாகத் திருப்பி ஒட்டியிருக்கிறீர்கள். அதில் எனக்கு ஆட்சேபம் இல்லை, விரல்களும் சரியாகவே வந்திருக்கின்றன. ஆனால் வலது மணிக்கட்டில் கட்டிய சிவப்புக் கயிறும் கூடவே வந்துவிட்டது. அதைவிடப் பெரிய கோளாறு வெளிச்சம். நாங்கள் வடக்குப் பார்த்து நின்றோம். கடல் எங்கள் வலப்பக்கம், வெயில் அங்கிருந்துதான் வந்தது. அதனால் எல்லோருக்கும் இடது கையின் வெளிப்புறம் நிழலாக இருக்கிறது. இவருக்கு மட்டும் அந்த ஓரம் பளீரென்று மின்னுகிறது.

கட்டை எடுத்தீர்களே தவிர, அது விட்டுப்போனவற்றை எடுக்கவில்லை. தொட்டிலின் நிழல் வயிற்றுப் பக்கம் அப்படியே கிடக்கிறது. பட்டை அழுத்திய காலர் வலப்பக்கம் மடங்கியே இருக்கிறது. மறைந்திருந்த சட்டைப் பையின் கீழ்ப்பாதியை வரையாமல், கட்டம் போட்ட துணியை மேலே இழுத்துப் பூசியதால் பை பாதியில் நிற்கிறது, கோடுகளும் பட்டன் பட்டியில் ஒன்றோடொன்று சேரவில்லை. கட்டுள்ள கைக்காக அவர் தோளைச் சற்று உயர்த்தியே நின்றார். தோளை இறக்காமல் தொங்கும் கையை ஒட்டியதால் ஏதோ தெரியாது என்று தோளைக் குலுக்குபவர் போலிருக்கிறார்.

போனில் தங்கள் ஊழியர், கட்டுப் பிரித்த பிறகு அந்தக் கையைப் படம் எடுத்து ஒட்டலாம் என்றார். பல வாரம் கட்டுக்குள் கிடந்த கை மெலிந்து, தோல் உரிந்துதான் வெளியே வரும். உடனே எடுத்தால் அதுவும் பொருந்தாது.

முழுக் கையும் தேவையே இல்லை என்பது என் எண்ணம். அவருக்கு இடப்பக்கம் நிற்பவரின் முதுகுக்குப் பின்னால் கை போயிருப்பதாகக் காட்டினால், சட்டைக் கையும் முழங்கை வரையும் வரைந்தால் போதும். மணிக்கட்டும் விரல்களும் வேண்டாம். சட்டைக்கு மாதிரி நான் தருகிறேன். அதே சட்டையை அதே உடல்வாகுள்ள என் தம்பிக்குப் போட்டு, அதே இடத்தில், காலை அதே நேரத்தில், வடக்குப் பார்த்து நிற்க வைத்துப் படம் எடுத்துக்கொள்ளலாம். பையும் கட்டங்களும் நிழலும் அதிலிருந்தே கிடைக்கும்.

இந்த முறையில் கூடுதல் கட்டணமின்றித் திருத்தித் தர வேண்டும். பிரிண்ட் போடுமுன் எனக்குக் காட்டுங்கள். லேயர் பிரித்த கோப்பும் வேண்டும், ஒட்டிய JPG மட்டும் போதாது. முடியாது என்றால் கட்டிய பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள், வேறு இடத்தில் செய்துகொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்