லேப்டாப்பில் மெனு கீ இல்லையென்றால் என்ன செய்வது?

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கமுங்க. போன மாதம் எங்கள் கடையில் நடந்த ஒரு தவறைச் சொல்லித்தான் இந்த மடலைத் தொடங்க வேண்டும். பொள்ளாச்சிப் பக்கத்திலிருந்து வரும் வாடிக்கையாளர் ஒருவர், தென்னை மரத்திலிருந்து விழுந்து கழுத்தில் அடிபட்டதில் இரண்டு கைகளும் செயலிழந்தவர். முனையில் ரப்பர் மாட்டிய ஒரு குச்சியைப் பல்லில் கடித்துக்கொண்டு, ஒவ்வொரு பட்டனாகத் தட்டி, கொப்பரை வியாபாரி ஒருவருக்குக் கணக்கு எழுதுகிறார். அவரால் மவுஸைத் தொடவே முடியாது. அவருக்குப் புது லேப்டாப் கொடுத்தபோது ராமும் பேட்டரியும் பார்த்தோம், கீபோர்டைப் பார்க்கவில்லை. இரண்டாம் நாளே போன் வந்தது. “ஏனுங்க, ஸ்பேஸ் பாருக்கு வலப்பக்கம் ஒரு பட்டன் இருக்குமே, அது எங்கீங்க போச்சு?”

அவர் கேட்டது மெனு கீ. சின்னப் பட்டியல் படம் போட்டிருக்கும், வலது கன்ட்ரோல் கீக்குப் பக்கத்தில் இருக்கும். மவுஸில் ரைட் கிளிக் செய்தால் விரியும் அதே பட்டியலை ஒரே தட்டில் திறந்துவிடும். இப்போது வரும் பல லேப்டாப்களில் இடம் மிச்சம் பிடிக்க இதை எடுத்துவிடுகிறார்கள்.

அதற்கு மாற்று Shift+F10 என்று நிறையப் பேருக்குத் தெரியும். ஒரு குச்சியால் இரண்டு பட்டனை ஒன்றாக அழுத்த முடியாது என்பதால் விண்டோஸில் ஸ்டிக்கி கீஸ் வசதி இருக்கிறது. ஷிஃப்டை ஐந்து முறை தட்டி, கேட்கும் கேள்விக்குச் சரி சொன்னால் போதும். பிறகு ஷிஃப்டைத் தட்டி விட்டுவிட்டு F10-ஐத் தட்டலாம். ஆனால் அவர் தட்டினால் மெனு வராமல் வேறு ஏதோ நடந்தது. காரணம், அந்த லேப்டாப்பில் F10 வரவேண்டுமென்றால் Fn-ஐயும் சேர்த்து அழுத்த வேண்டும். Fn பெரும்பாலும் கீபோர்டுக்குள்ளேயே முடிந்துவிடும் சமாசாரம், விண்டோஸுக்குப் போய்ச் சேராது. அதனால் ஸ்டிக்கி கீஸ் அதைப் பிடித்து வைக்காது. உங்கள் வீட்டிலும் ஷிஃப்ட், F10 தட்டினால் மெனு வராமல் சத்தமோ வெளிச்சமோ மாறுகிறதென்றால் இதுதான் கோளாறு. பல மாடல்களில் Fn-ஐயும் Esc-ஐயும் சேர்த்து ஒருமுறை அழுத்தினால் F வரிசை நேராக வேலை செய்யும். சிலவற்றில், விண்டோஸ் திறப்பதற்கு முன்னால் வரும் பயாஸ் அமைப்புக்குள் போய்த்தான் மாற்ற வேண்டும்.

அவருக்கு நாங்கள் செய்து கொடுத்தது இன்னும் எளிது. மைக்ரோசாஃப்டின் இலவச PowerToys-ஐப் போட்டு, அதில் Keyboard Manager என்ற பகுதியில் வலது கன்ட்ரோலை மெனு கீயாக மாற்றினோம். அவர் அந்த கன்ட்ரோலைத் தொடுவதே இல்லை. PowerToys ஓடிக்கொண்டிருந்தால்தான் இந்த மாற்றம் நிற்கும் என்பதால், கம்ப்யூட்டர் திறக்கும்போதே அதுவும் தொடங்கும்படி வைத்தோம். நிர்வாகி உரிமையோடு திறந்த ஜன்னலில் சாதாரணமாக இது பிடிக்காது. அங்கே ஷிஃப்டும் F10-உம்தான் கை கொடுக்கும்.

மெனு வந்த பிறகும் ஒரு குழப்பம் வந்தது. கணக்கு ஏற்றிய பென் டிரைவைப் பத்திரமாகக் கழற்ற, விண்டோஸ் கீயும் E-யும் தட்டி, This PC-க்குப் போய் மெனு கீயைத் தட்டினார். மெனு வந்தது, ஆனால் Eject இல்லை. View, Sort by என்று ஆரம்பித்தது. மெனு கீ மவுஸ் அம்பு நிற்கும் இடத்தைப் பார்க்காது, எது தேர்வாகியிருக்கிறதோ அதன் மெனுவைத் திறக்கும். ஒன்றும் தேர்வாகவில்லையென்றால் வெற்றிடத்தின் மெனு வரும். Esc தட்டி அதை மூடிவிட்டு, அம்புக் கீயால் பென் டிரைவுக்குப் போய், அதன் பெயரில் நிறம் படிந்ததும் மறுபடி மெனு கீயைத் தட்டச் சொன்னோம். கீழ் அம்பால் Eject வரை இறங்கி என்டர் தட்டினார், முடிந்தது. விண்டோஸ் 11-இல் தேடுவது கிடைக்காவிட்டால் அடியில் உள்ள Show more options-க்குள் பழைய முழு மெனு இருக்கும்.

இணையப் பக்கங்களில் மட்டும் இது பாதி தூரம்தான் வரும். டேப் தட்டிப் போகக்கூடிய லிங்குக்கு மெனு விரியும். லிங்க் இல்லாத வெறும் படத்தில் டேப் நிற்காது, அதனால் அந்தப் படத்துக்கான மெனுவை இந்த வழியில் திறக்க முடியாது. அதற்கு நம்பர் பேடால் மவுஸை நகர்த்தும் மவுஸ் கீஸ் வேண்டும். சின்ன லேப்டாப்களில் நம்பர் பேடும் இருக்காது. தனி நம்பர் பேடு வாங்கி யூ.எஸ்.பி.யில் செருகிக்கொள்ளலாம்.

எங்களிடம் லேப்டாப் வாங்கியவர்களில் யாருக்கு இது தேவைப்பட்டாலும் காசு வாங்காமல் செய்து தருகிறோம். உடுமலைக்கு வரச் சிரமமென்றால் வீட்டுக்கே வருகிறோம். போன் செய்யும்போது விரலால் தட்டுகிறீர்களா, குச்சியாலா, எந்தப் பட்டன் எட்டாது என்று சொல்லிவிடுங்க. எட்டுகிற பட்டனாகப் பார்த்து மாற்றி வைக்கிறோம்.

இப்படிக்கு,
உங்கள் கம்ப்யூட்டர் கடையினர், உடுமலை