காற்று மாதிரி எடுக்கச் சொல்லும் ஆலை நிர்வாகங்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய ஆலை மேலாளர்களுக்கும் பாதுகாப்பு அலுவலர்களுக்கும்,

வணக்கம். பணியிடக் காற்றை அளக்க எங்களை அழைக்கும்போது நீங்கள் பெரும்பாலும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறீர்கள்: "வரம்புக்குள் இருக்கிறதா, இல்லையா?" 'இருக்கிறது' என்று ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால் அறிக்கை கோப்புக்குள் போய்விடும், அடுத்த ஆண்டுவரை யாரும் அதைத் திறப்பதில்லை. அறிக்கையில் உள்ள எண் ஒவ்வொன்றும் சரியாக இருந்தும் அந்த ஒரு வரி தவறாகிவிட முடியும். எப்படி என்பதை டொலுவீன் என்ற ஒரே ஒரு கரைப்பானை வைத்துச் சொல்கிறேன்.

அச்சுக்கூடம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். இந்தத் தொழிலில் நாங்கள் அடிக்கடி பார்க்கும் நிலைமைதான். கணக்கு எளிதாக இருக்கட்டும் என்று எண்களை மட்டும் முழுமையாக்கியிருக்கிறேன். எட்டு மணி நேர ஷிப்ட். ஆபரேட்டர் இயந்திரத்தை ஓட்டுகிறார். நிறம் மாற்றும்போது, ஒரு ஷிப்டில் இரண்டு முறை, டொலுவீனில் நனைத்த துணியால் ரோலர்களைத் துடைக்கிறார். ஒவ்வொரு முறையும் கால் மணி நேரம் ஆகும். துடைத்த துணிகள் மூடியில்லாத தொட்டிக்குள் போகின்றன.

அளக்க வந்தவர் கூடத்தின் நடுவில் ஒரு ஸ்டாண்டை நிறுத்தி, அதில் பம்பை மாட்டி, நாள் முழுக்க ஓடவிடுகிறார். ஆய்வகத்திலிருந்து வரும் முடிவு 12 பிபிஎம், அதாவது பத்து லட்சம் பங்கு காற்றில் 12 பங்கு டொலுவீன் ஆவி. அமெரிக்கத் தொழில் சுகாதார வல்லுநர்களின் அமைப்பான ஏசிஜிஐஎச் டொலுவீனுக்குப் பரிந்துரைக்கும் எட்டு மணி நேரச் சராசரி 20 பிபிஎம். ஆகவே 'வரம்புக்குள்'. எல்லோருக்கும் நிம்மதி.

ஆனால் அந்த ஸ்டாண்ட் யாருக்காகவும் மூச்சு விடுவதில்லை. ரோலருக்கு மேல் குனிந்து துடைப்பவரின் மூக்கருகே என்ன இருந்தது என்பதுதான் கேள்வி. அதை அறிய, மூக்கையும் வாயையும் சுற்றி ஏறக்குறைய 30 சென்டிமீட்டருக்குள், அதாவது சட்டைக் காலரில், மாதிரிக் குழாயை மாட்ட வேண்டும். பம்ப் இடுப்புப் பட்டையில் இருக்கும். இரண்டையும் மெல்லிய ரப்பர் குழாய் இணைக்கும். மாதிரிக் குழாய் என்பது சுண்டுவிரலைவிட மெல்லிய ஒரு கண்ணாடித் துண்டு. உள்ளே தேங்காய்ச் சிரட்டைக் கரி இரண்டு பகுதிகளாக இருக்கும்: முன்னால் 100 மில்லிகிராம், பின்னால் 50 மில்லிகிராம். காற்று கரி வழியாகப் போகும்போது டொலுவீன் அதில் ஒட்டிக்கொள்ளும். ஆய்வகத்தில் கார்பன் டைசல்பைடை ஊற்றி அதைக் கரைத்தெடுத்து, வாயு நிறப்பகுப்புக் கருவியில் எடையைக் கண்டுபிடிக்கிறார்கள்.

அதே ஆபரேட்டரின் காலரில் குழாய்களை மாற்றி மாற்றி மாட்டி, வேலையைத் துண்டு துண்டாக அளந்தால் என்ன கிடைக்கிறது என்று பாருங்கள். காலை மூன்று மணி நேரம் வெறும் ஓட்டம்: 15 பிபிஎம். மீதி நாலரை மணி நேர ஓட்டத்தில், தொட்டியில் துணி சேர்ந்துவிட்டதால் 18 பிபிஎம். துடைக்கும் கால் மணி நேரங்களுக்குத் தனியாக ஒவ்வொரு குழாய், நிமிடத்துக்கு 0.2 லிட்டர் வீதம், மொத்தம் 3 லிட்டர் காற்று. ஆய்வகம் ஒரு குழாயில் 2.04 மில்லிகிராம் டொலுவீன் என்கிறது. 3 லிட்டரில் 2.04 மில்லிகிராம் என்றால் ஒரு கன மீட்டரில் 680 மில்லிகிராம். டொலுவீனுக்கு 1 பிபிஎம் என்பது கன மீட்டருக்கு ஏறக்குறைய 3.77 மில்லிகிராம். வகுத்தால் 180 பிபிஎம். இரண்டாவது துடைப்பிலும் அதே அளவு என்று வைத்துக்கொள்வோம்.

இப்போது சராசரி. மூன்று மணி நேரம் 15, அரை மணி நேரம் 180, நாலரை மணி நேரம் 18. பெருக்கிக் கூட்டினால் 45, 90, 81, மொத்தம் 216. எட்டால் வகுத்தால் 27 பிபிஎம். ஸ்டாண்ட் சொன்ன 12-ஐப் போல இரண்டு மடங்குக்கும் மேல். நாள் முழுக்க மூச்சில் போனதில் ஐந்தில் இரண்டு பங்குக்கும் மேல் அந்த அரை மணி நேரத்தில் போயிருக்கிறது. ஒரே குழாயை மாட்டி நாள் முழுக்க அளந்திருந்தாலும் 27 கிடைத்திருக்கும். ஆனால் அது எங்கிருந்து வந்தது என்று தெரிந்திருக்காது. எதைச் சரிசெய்வது என்றும் தெரிந்திருக்காது.

'சரி, 27 வரம்பைத் தாண்டியதா?' என்று கேட்பீர்கள். எந்த வரம்பு என்று நான் திருப்பிக் கேட்பேன். அமெரிக்க அரசின் பணியிடப் பாதுகாப்பு அமைப்பான ஓஷா, சட்டப்படி விதித்திருக்கும் எட்டு மணி நேரச் சராசரி 200 பிபிஎம். அது 1960களின் தர நிர்ணயம் ஒன்றிலிருந்து அப்படியே எடுத்த எண். அதே அரசின் ஆய்வு நிறுவனமான நயோஷ் பரிந்துரைப்பது 100. அதோடு எந்தக் கால் மணி நேரச் சராசரியும் 150-ஐத் தாண்டக்கூடாது என்கிறது. ஏசிஜிஐஎச் ஒரு காலத்தில் 100 என்றது, பிறகு 50 என்றது, 2007-இல் 20-க்கு இறக்கியது. இந்த இடைவெளியில் டொலுவீன் மாறவில்லை; பார்வைக்கும் கருவுக்கும் அது செய்யும் கேடு பற்றிய அறிவுதான் கூடியது. ஆக, நம் ஆபரேட்டர் ஓஷா சட்டத்துக்கு உட்பட்டவர், நயோஷின் கால் மணி நேர வரம்பை மீறியவர், ஏசிஜிஐஎச்சின் எட்டு மணி நேர வரம்பையும் மீறியவர். மூன்றும் ஒரே மனிதர், ஒரே நாள். எந்த வரம்போடு ஒப்பிட்டது என்று சொல்லாமல் 'வரம்புக்குள்' என்று எழுதும் அறிக்கையை வாங்காதீர்கள்.

தன் எண்கள் பாதுகாப்புக்கும் ஆபத்துக்கும் நடுவே கிழித்த கோடு அல்ல என்று ஏசிஜிஐஎச்சே எழுதி வைத்திருக்கிறது. அதிலும் அவை எட்டு மணி நேர நாளுக்கானவை. உங்கள் ஆலையில் பன்னிரண்டு மணி நேர ஷிப்ட் என்றால், உடலுக்குள் போகும் நேரம் கூடுகிறது, வெளியேற்ற உடலுக்குக் கிடைக்கும் நேரம் குறைகிறது. வழக்கத்தில் உள்ள பிரீஃப்–ஸ்காலா கணக்குப்படி அப்போது வரம்பைப் பாதியாக்க வேண்டும். 20 என்பது 10 ஆகும். இதைக் கணக்கில் எடுத்த அறிக்கைகளை நான் அரிதாகவே பார்க்கிறேன்.

அளவு தவறாகப் போகும் வழிகளில் இரண்டை மட்டும் சொல்கிறேன், ஏனென்றால் இரண்டையும் நீங்களே கண்டுபிடிக்கலாம். முதலாவது, கரி நிரம்பிவிடுவது. டொலுவீனுக்கு நயோஷின் 1501-ஆம் முறை ஒரு குழாய் வழியே அதிகபட்சம் 8 லிட்டர் காற்றைத்தான் இழுக்கச் சொல்கிறது. நிமிடத்துக்கு 0.2 லிட்டரில் பம்பை நாள் முழுக்க ஓடவிட்டால் 96 லிட்டர், பன்னிரண்டு மடங்கு. அதனால்தான் நீண்ட நேர மாதிரிகளுக்கு வேகத்தை 0.02 லிட்டராகக் குறைக்கிறோம். நாலரை மணி நேரத்துக்கு அப்போது 5.4 லிட்டர்தான் போகும். கரி நிரம்பியதா என்று தெரிந்துகொள்ளத்தான் அந்தப் பின்பகுதி 50 மில்லிகிராம் இருக்கிறது. ஆய்வக அறிக்கையில் முன்பகுதி, பின்பகுதி என்று இரண்டு எடைகள் தனித்தனியாக இருக்க வேண்டும். பின்பகுதியில் உள்ளது முன்பகுதியில் உள்ளதில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டினால், டொலுவீன் கரியைக் கடந்து நழுவியிருக்கலாம் என்று பொருள். அப்போது கிடைத்த எண் உண்மையைவிடக் குறைவு. இரண்டையும் கூட்டி ஒரே எடையாகத் தந்தால், பிரித்துத் தரச் சொல்லுங்கள்.

இரண்டாவது, பம்பின் வேகம். ஏப்ரன் நாடாவின் அடியில் ரப்பர் குழாய் நசுங்கிவிட்டால் போதும், காற்று பாதிதான் போகும். பம்போ ஓடும் சத்தத்தோடு ஓடிக்கொண்டேதான் இருக்கும். காற்று பாதியாகி, நாம் முழு லிட்டரால் வகுத்தால், விடையும் பாதியாகும். அதனால் மாதிரி எடுப்பதற்கு முன்னும் பின்னும், அதே வகைக் குழாயை மாட்டியபடியே வேகத்தை அளந்து எழுத வேண்டும். இரண்டுக்கும் 5 சதவீதத்துக்கு மேல் வித்தியாசம் இருந்தால் அந்த மாதிரியை ஒதுக்குவதே எங்கள் வழக்கம். 'பின் அளவு' என்ற கட்டம் காலியாக இருக்கும் களப்படிவத்தைப் பார்த்தால், மற்ற எண்களை எவ்வளவு நம்பலாம் என்பதை நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள். திறந்து மூடி, காற்று இழுக்காமல் அனுப்பிய வெற்றுக் குழாய்களின் முடிவும் கூடவே இருக்க வேண்டும். அது இல்லாமல், குழாயில் கண்ட டொலுவீன் வழியில் ஒட்டிக்கொண்டதா, காற்றில் இருந்ததா என்று பிரிக்க வழியில்லை.

எல்லாம் சரியாகச் செய்தாலும் அது ஒரு நாளின் கதைதான். நாளை நிறம் மூன்று முறை மாறலாம், ஜன்னல் சாத்தியிருக்கலாம், வேறு ஆபரேட்டர் இன்னும் நெருங்கிக் குனியலாம். ஒரே வேலை செய்பவர்களின் அளவுகள்கூட நாளுக்கு நாள் பல மடங்கு மாறுவது இயல்பு. அதனால்தான் இஎன் 689 என்ற ஐரோப்பியத் தரம், மூன்றே அளவுகளை வைத்து 'இணக்கம்' என்று சொல்ல வேண்டுமானால் மூன்றும் வரம்பில் பத்தில் ஒரு பங்குக்குக் கீழே இருக்க வேண்டும் என்கிறது. அதாவது 20-க்கு, 2 பிபிஎம்முக்குக் கீழே. அப்படி இல்லையென்றால் கூடுதல் மாதிரிகள் எடுத்துப் புள்ளியியல் சோதனை செய்ய வேண்டும். ஒரே ஒரு காற்று மாதிரியில் 20-க்கு 12 என்று வந்தது, 'பாதுகாப்பானது' என்று எழுது. இந்தக் கோரிக்கைக்கு நான் ஏன் தயங்குகிறேன் என்று இப்போது புரியும்.

அளப்பது எதற்கு? சரிசெய்வதற்கு. அந்த அச்சுக்கூடத்தில் 180 எங்கே பிறக்கிறது என்று தெரிந்துவிட்டது. துணித் தொட்டிக்கு மூடி, ரோலரை ஒட்டி உறிஞ்சு குழாய், முடிந்தால் இவ்வளவு வேகமாக ஆவியாகாத வேறொரு துடைப்புத் திரவம். உறிஞ்சு குழாய் மட்டுமே வந்து, துடைக்கும் நேர அளவு 180-லிருந்து 40-க்கு இறங்கியது என்று வையுங்கள். சராசரி 18-க்குச் சற்று மேல் வரும். 20-க்குக் கீழே வந்துவிட்டது, ஆனால் மேலே சொன்ன கணக்குப்படி இன்னும் நிம்மதியாக உட்கார முடியாது. தொட்டிக்கு மூடி போட்டால் பிற்பகல் ஓட்டத்தின் 18-உம் குறையும், பிறகு மறுபடி அளக்க வேண்டும். இந்த மாற்றங்களைச் செய்து முடிக்கும்வரை தாக்குப்பிடிக்க முகமூடி உதவும். நிர்வாகங்கள் முதலில் வாங்குவது அதைத்தான் என்பது என் வருத்தம்.

காற்று மாதிரிக்குத் தெரியாத ஒன்றும் இருக்கிறது. வெறுங்கையால் நனைந்த துணியைப் பிழிபவரின் தோல் வழியே டொலுவீன் உள்ளே போகும். எந்தப் பம்பும் அதைக் காட்டாது. டொலுவீன் உடலுக்குள் சிதைந்து உருவாகும் ஆர்த்தோ கிரெசாலை ஷிப்ட் முடிவில் சிறுநீரில் பார்த்தால்தான் மூச்சு, தோல் இரண்டும் சேர்ந்த கணக்கு தெரியும். இன்னொன்று: டொலுவீன் செவியையும் கெடுக்கும், இயந்திர இரைச்சலோடு சேர்ந்தால் இன்னும் அதிகமாக. காற்று அறிக்கையையும் இரைச்சல் அறிக்கையையும் தனித்தனிக் கோப்பில் வைக்கும் வழக்கத்தை விட்டுவிடுங்கள்.

அடுத்த முறை எங்களை அழைக்கும்போது தேதியை மட்டும் சொல்லாமல், ரோலர் எப்போது துடைக்கப்படும் என்பதையும் சொல்லுங்கள். அன்றைய உற்பத்தியைக் குறைத்தோ வேலையைத் தள்ளிப்போட்டோ கூடத்தைச் சுத்தமாக்கி வைக்க வேண்டாம். குழாய் மாட்டப்பட்ட ஆபரேட்டரிடம் முடிவைக் கையில் கொடுங்கள்: எந்த நேரத்தில் எவ்வளவு, எந்த வரம்போடு ஒப்பிட்டது, என்ன மாற்றப் போகிறீர்கள், எந்தத் தேதிக்குள். அந்தத் தாளில் உங்கள் கையெழுத்தும் இருக்கட்டும்.

இப்படிக்கு,
பம்பும் குழாயுமாக உங்கள் கூடங்களுக்கு வந்து போகும் ஒரு தொழில் சுகாதாரப் பணியாளர்