பாறையோடு நிற்கும் போர் பைப்பும் இறங்கும் தரையும்: எங்கள் வீதியில் மட்டம் அளக்கக் கோரும் மனு

அனுப்புநர்:
வீதிக் குடியிருப்போர் சார்பில்,
பழைய வாய்க்கால் ஓரம், நொய்யல் கரைப் பகுதி, கோயம்புத்தூர்.

பெறுநர்:
மாவட்ட ஆட்சியர் அவர்கள், கோயம்புத்தூர்.

பொருள்: லாரிக்குத் தண்ணீர் எடுக்கும் இரண்டு போர்களை நிறுத்தி வைத்து, வீதியின் தரைமட்டத்தை அளக்க உத்தரவிட வேண்டுதல்.

மதிப்பிற்குரிய ஐயா/அம்மா,

வணக்கம். எங்கள் வீதியில் 31 வீடுகள் இருக்கின்றன. மேற்குக் கோடியில் எட்டு அடியிலேயே பாறை தட்டிவிடும். கிழக்கே போகப் போக மண் ஆழமாகிக்கொண்டே போகும். வாய்க்கால் ஓரத்து வீடுகளில் போர் போட்டபோது, கெட்டிப் பாறையைத் தொட 70 அடிக்குக் கேசிங் பைப் இறக்க வேண்டியிருந்தது. அங்கே இருப்பது களிமண்ணும் வண்டலும்தான்.

நான்கு வருடங்களுக்கு முன் கிழக்குக் கோடியில் லாரிக்குத் தண்ணீர் விற்க இரண்டு போர் போட்டார்கள். அதுவரை வீதிக் கிணற்றில் 25 அடியில் தண்ணீர் நின்றது. இப்போது கயிறு விட்டுப் பார்த்தால் 65 அடி. அப்புறம்தான் சுவர்கள் விரிய ஆரம்பித்தன. மேற்கே பாறைமேல் நிற்கும் வீடுகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. கிழக்கு வீடுகளில் லேசான விரிசல். மோசமாக அடிபட்டவை நடுவில் உள்ள ஆறு வீடுகள். ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் ஆழமான மண் என்று இரண்டின் மேலும் உட்கார்ந்திருப்பவை அவை. ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாக ஓடும் அந்த விரிசல்கள் மேலே போகப் போக அகலமாகின்றன. தரை முழுவதும் ஒரே அளவாக இறங்கினால் வீடு தாங்கிக்கொள்ளும். ஒரு மூலை நின்று மறு மூலை இறங்கினால்தான் சுவர் கிழியும்.

பார்வையிட வந்த ஒரு பொறியாளர், "இது கரிசல் மண், வெயிலில் சுருங்கும், மழையில் ஊதும், அவ்வளவுதான்" என்று சொல்லிவிட்டுப் போனார். அது நியாயமான சந்தேகம்தான். ஆகவே விரிசல்களின் குறுக்கே சிறு கண்ணாடித் துண்டுகளை வைத்துச் சிமெண்டால் ஒட்டி, தேதி எழுதினோம். கரிசலின் வேலையாக இருந்தால் மழைக்குப் பின் விரிசல் குறுகியிருக்க வேண்டும். ஐப்பசி, கார்த்திகை மழை முடிந்தும் ஒன்றுகூடக் குறுகவில்லை. ஒன்பது கண்ணாடிகளில் ஏழு உடைந்து கிடக்கின்றன.

இன்னொரு அடையாளமும் உண்டு. "போர் பைப்பு மேல வருதுங்கண்ணா" என்று கிழக்கு வீட்டு அம்மா ஒருவர் கூப்பிட்டுக் காட்டினார். பைப்பைச் சுற்றிப் போட்ட சிமெண்ட் திண்டு விட்டுப்போய், பழைய திண்டின் தடம் பைப்பில் நான்கு விரற்கடை மேலே தெரிகிறது. பைப் மேலே வரவில்லை. அதன் அடி பாறையில் ஊன்றியிருக்கிறது. சுற்றியுள்ள தரைதான் கீழே போயிருக்கிறது. வீதிக் கிணற்றிலும் மேல் சுற்றுக் கட்டு கிழக்கே சாய்ந்து, கல் இடுக்குகள் வாய் பிளந்திருக்கின்றன.

காரணம் எங்களுக்குப் புரிந்த வரையில் இதுதான். மண்ணுக்குள் நிற்கும் தண்ணீர் மேல்பாரத்தில் ஒரு பங்கைத் தாங்குகிறது. நீர்மட்டம் ஒரு மீட்டர் இறங்கினால், சதுர மீட்டருக்கு ஒரு டன் வரை கூடுதல் பாரம் மண்துகள்மேல் விழும். எங்கள் கிணற்றில் இறங்கிய 40 அடி என்பது 12 மீட்டர், அதாவது 12 டன் வரை. ஒரு தளம் கட்டினால் சதுர மீட்டருக்கு வரும் எடையே ஏறக்குறைய ஒன்று, ஒன்றரை டன்தான். மணல் இதைத் தாங்கி, தண்ணீர் திரும்பினால் ஓரளவு மீளும். களிமண் நசுங்கினால் பெரும்பாலும் மீளாது. அதனால்தான் அவசரப்படுகிறோம். தவிர, அந்த இரண்டு போர்களில் ஒன்று கலங்கலாகத் தண்ணீர் தள்ளுகிறது. அதன் கேசிங் பாறை வரை போகாமலோ ஓட்டையாகியோ மண்ணையும் இழுத்து வருகிறது என்று அஞ்சுகிறோம். அப்படியானால் அடியில் பொந்து விழும்.

கொங்கு நாடு பாறை பூமி, இங்கே தரை இறங்காது என்கிறார்கள். பாறை இறங்காதுதான். பாறைப் பள்ளத்தில் நிரம்பிய மண் இறங்கும். டெல்லி விமான நிலையத்தை ஒட்டிய கபஷேராவில், நிலத்தடி நீரை உறிஞ்சியதால் தரை ஆண்டுக்கு 10 சென்டிமீட்டருக்கு மேல் இறங்கியதை ரேடார் செயற்கைக்கோள் அளவீடுகள் காட்டின. டோக்கியோவில் உறிஞ்சுவதைச் சட்டம் போட்டுக் கட்டுப்படுத்திய பிறகு இறக்கம் பெருமளவு நின்றது. ஆனால் இறங்கிய தரை பழைய உயரத்துக்குத் திரும்பவில்லை.

நாங்கள் இழப்பீடு கேட்டு வரவில்லை. மேற்கே வெளியே தெரியும் பாறையில் ஒரு நிலைக்குறி பதித்து, அங்கிருந்து ஒவ்வொரு வீட்டு வாசல் மட்டத்தையும் நில அளவையர் மூலம் இப்போது ஒரு முறையும், ஆறு மாதம் கழித்து ஒரு முறையும் அளந்து எங்களுக்கு எழுத்தில் தர வேண்டும். அளந்து முடியும் வரை இரண்டு போர்களிலும் தண்ணீர் எடுப்பதை நிறுத்தி வைத்து, கலங்கல் வரும் போருக்குள் கேமரா இறக்கி கேசிங்கைப் பார்க்க வேண்டும். அதே காலத்தில் வீதிக் கிணற்றின் நீர்மட்டத்தை மாதம் ஒரு முறை பதிவு செய்தால், தண்ணீர் மட்டத்துக்கும் தரை இறங்குவதற்கும் தொடர்பு உண்டா என்பது தெரிந்துவிடும். எங்கள் கணிப்பு தவறென்று அளவு காட்டினால் ஏற்றுக்கொள்கிறோம்.

நடுவில் உள்ள ஆறு வீடுகளில் ஒன்றில் படுத்த படுக்கையாக ஒரு பெரியவர் இருக்கிறார். அவர் அறைச் சுவரில்தான் விரிசல் அகலம். அந்த வீட்டையாவது இந்த வாரமே ஒரு கட்டடப் பொறியாளர் வந்து பார்க்க உத்தரவிடுங்கள்.

இணைப்பு: கண்ணாடி ஒட்டிய விரிசல்களின் தேதியிட்ட படங்கள், கிணற்று நீர்மட்டக் குறிப்பு நோட்டின் நகல், 31 வீட்டார் கையொப்பம்.

இப்படிக்கு,
வீதிக் குடியிருப்போர்