பின் குத்தியவர்களுக்கு ஒரு மடல்

யூடியூபில் ‘எப்படிச் செய்வது’ வீடியோ போடும் தமிழ்ச் சேனல்காரர்களே, வணக்கம்.

போன வாரம் அப்பாவின் ஆவணத்தில் பெயர் திருத்த உங்களில் ஒருவரின் பழைய வீடியோவைத்தான் பார்த்தேன். கமெண்டில் முதலில் நின்றது நீங்கள் பின் செய்து வைத்திருந்த வழிமுறை. அதில் சொன்ன மெனு இன்று அந்தத் தளத்திலேயே இல்லை. அரை மணி நேரம் தேடிய பிறகு ‘புதியவை முதலில்’ என்று மாற்றிப் பார்த்தேன். போன மாதம் ஒருவர் புதிய வழியைத் தெளிவாக எழுதியிருந்தார். அதற்கு மூன்றே மூன்று லைக்.

யாரும் சதி செய்யவில்லை, வரிசை அப்படித்தான் வேலை செய்கிறது. யூடியூப் தன் கணக்கை வெளியிடுவதில்லை. ஆனால் ரெடிட் என்ற விவாதத் தளம் 2009-இல் தன் கமெண்டுகளின் ‘பெஸ்ட்’ வரிசையைப் பற்றி வெளிப்படையாகவே எழுதியது. அதன் அடிப்படை 1927-இல் கணிதவியலாளர் எட்வின் வில்சன் தந்த சூத்திரம். ஒரே ஒருவர் ஆதரித்து யாரும் எதிர்க்காவிட்டால் ஆதரவு நூற்றுக்கு நூறுதான். ஆனால் ஒரு ஓட்டை வைத்து எதை நம்புவது? அதனால், ‘இன்னும் நிறைய பேர் வாக்களித்தாலும் ஆதரவு இதற்குக் கீழே போகாது’ என்று ஓரளவு துணிந்து சொல்லக்கூடிய எல்லையை அந்தச் சூத்திரம் கணக்கிடுகிறது. எண்பது சதவீத உறுதி அளவில் போட்டுப் பார்த்தால், அந்த ஒற்றை ஓட்டுக்குக் கிடைப்பது 0.38. நாற்பது பேர் ஆதரித்து இருபது பேர் எதிர்த்த கமெண்டுக்கு 0.59. பத்து பேர் ஆதரித்து ஒருவர் மட்டும் எதிர்த்திருந்தால் 0.74, அதுதான் மேலே வரும். வெறும் லைக் எண்ணிக்கையை விட இது நியாயமானது என்பேன்.

ஆனால் அந்தச் சூத்திரத்தில் கடிகாரம் கிடையாது. நேற்று எழுதியதும் மூன்று வருடத்துக்கு முன் எழுதியதும் அதற்கு ஒன்றுதான். முதல் மணி நேரத்தில் வந்தவர் மேலே ஏறுகிறார், மேலே இருப்பதால் படிக்கப்படுகிறார், படிக்கப்படுவதால் இன்னும் லைக் வாங்குகிறார். புதியவருக்கு அந்த மூன்று பேரே கிடைத்தது அதிர்ஷ்டம்.

பின் செய்த கமெண்டின் விஷயம் வேறு. அது எந்தக் கணக்குக்கும் கட்டுப்படாது. கீழே உள்ளவற்றுக்கு எத்தனை லைக் விழுந்தாலும், நீங்கள் எடுக்கும்வரை அது அங்கேயே நிற்கும். சரி, அது உங்கள் உரிமை. ஆனால் ஒரு வீடியோவுக்கு ஒரு பின்தான். புதிதாக ஒன்றைக் குத்தினால் பழையது தானாகக் கழன்றுவிடும். ஆக, மாற்றுவதற்கு ஆகும் வேலை சில சொடுக்குகள்தான்.

நடைமுறை அடிக்கடி மாறும் வீடியோக்களுக்கு மட்டும் இரண்டு மாதத்துக்கு ஒரு முறை ‘புதியவை முதலில்’ போட்டு முதல் இருபது கமெண்டைப் படியுங்கள். “இப்ப இது வரலையே” என்று இரண்டு பேர் எழுதியிருந்தால் பின்னை மாற்றுங்கள். அந்த மூன்று லைக் வாங்கியவரின் கமெண்ட் இன்னும் அடியில்தான் கிடக்கிறது. நேற்று கூடப் பார்த்தேன்.