அவர் சொன்ன சொற்களை அப்படியே எழுதுங்கள், அய்யா

மதிப்புக்குரிய மாவட்டக் காவல் கண்காணிப்பாளர் அவர்களுக்கு,

வணக்கம். என் அக்காவின் வழித்தட வழக்கு உரிமையியல் நீதிமன்றத்தில் நடந்துகொண்டிருப்பதும், பக்கத்து வயல்காரர் வந்து மிரட்டியதும், அக்கா நான்கு முறை காவல் நிலையத்துக்கு நடந்ததும் என் முந்தைய மனுவில் இருக்கின்றன. அவற்றைத் திரும்ப எழுதவில்லை. அக்காவின் புகாருக்கு நிலையத்தில் கொடுத்த மனு ரசீதில் எழுதப்பட்ட ஒரு வரியைப் பற்றித்தான் இந்த மடல்.

அக்கா வீட்டு வாசலில் நின்று அந்த வயல்காரர் சொன்னது இது: "கேசை வாபஸ் வாங்கலேன்னா, நீ தூங்கும்போது வீட்டைக் கூரையோட கொளுத்திடுவேன்." ரசீதில் இருப்பதோ, "இடப்பிரச்சினை தொடர்பாக வாய்த்தகராறு, தகாத வார்த்தைகள்." அவ்வளவுதான். கொளுத்துவேன் என்பதும் இல்லை, வழக்கை வாபஸ் வாங்கு என்பதும் இல்லை.

அய்யா, அடிதடி என்றால் காயம் இருக்கும், திருட்டு என்றால் பொருள் காணாமல் போயிருக்கும். மிரட்டல் வழக்கில் சொல்லைத் தவிர வேறு தடயம் கிடையாது. அந்தச் சொல்லை எழுத்தர் தன் வசதிக்குச் சுருக்கிவிட்டால் குற்றமே காகிதத்திலிருந்து அழிந்துபோகிறது.

கோபத்தில் யாரோ "உன்னை விடமாட்டேன்" என்று கத்துவதையெல்லாம் வழக்காக்கச் சொல்லவில்லை. பயமுறுத்தும் நோக்கம் இல்லாத வெறும் பேச்சு குற்ற மிரட்டல் ஆகாது என்று உச்ச நீதிமன்றம் 2015-ல் மாணிக் தனேஜா வழக்கில் சொல்லியிருக்கிறது. அது சரிதான். ஆனால் பாரதிய நியாய சன்ஹிதாவின் 351-ஆம் பிரிவு, ஒருவருடைய உடலுக்கோ பெயருக்கோ சொத்துக்கோ கேடு செய்வதாகச் சொல்லிக் கலங்க வைப்பதையும், சட்டப்படி அவர் செய்யக்கூடியதைச் செய்யவிடாமல் தடுக்கப் பார்ப்பதையும் குற்றம் என்கிறது. சட்டமே அங்கே தரும் உதாரணம், உரிமையியல் வழக்கைத் தொடராமல் இருக்கச் செய்ய வீட்டைக் கொளுத்துவதாக மிரட்டுபவர். என் அக்காவுக்கு நடந்தது அதேதான். சாதாரண மிரட்டலுக்கு 2 ஆண்டு வரை சிறை. தீயிட்டுச் சொத்தை அழிப்பதாகச் சொன்னால் 7 ஆண்டு வரை போகலாம். இவ்வளவு வித்தியாசமும் "கொளுத்திடுவேன்" என்ற ஒரே சொல்லில் இருக்கிறது. அந்தச் சொல்தான் ரசீதில் விடுபட்டுள்ளது.

அன்றிலிருந்து அக்கா இரவில் சரியாகத் தூங்குவதில்லை. சமையல் கொட்டகைக்குத் தென்னங்கீற்றுக் கூரை. அதை ஒட்டியிருந்த வைக்கோல் போரைத் தனியாகவே பிரித்து, இரண்டு நாளில் தோட்டத்தின் கோடிக்குச் சுமந்துவிட்டாள். பத்திரம், ரேஷன் அட்டை, பிள்ளைகளின் சான்றிதழ் எல்லாம் இப்போது என் வீட்டுப் பீரோவில். படுக்கும்போது தலைமாட்டில் இரண்டு குடம் தண்ணீர் வைத்துக்கொள்கிறாள். "சும்மா வாய்ப்பேச்சும்மா, போங்க" என்று அவளை அனுப்பியவர்கள் அந்தக் குடங்களை ஒருமுறை வந்து பார்க்க வேண்டும்.

நீதிமன்ற உத்தரவு இல்லாமல் இதை விசாரிக்க முடியாது என்றும் நிலையத்தில் சொன்னார்கள். சரி, அப்படியே இருக்கட்டும். அதற்கும் பாரதிய நாகரிக சுரக்ஷா சன்ஹிதாவின் 174-ஆம் பிரிவு வழி சொல்கிறது. புகாரின் சாரத்தைப் பதிவேட்டில் எழுதி, புகார்தாரரை மாஜிஸ்ட்ரேட்டிடம் அனுப்ப வேண்டும். அத்தகைய புகார்களின் நாட்குறிப்பு அறிக்கையை 15 நாளுக்கு ஒருமுறை மாஜிஸ்ட்ரேட்டுக்கு அனுப்பவும் வேண்டும். அக்காவிடம் மாஜிஸ்ட்ரேட் என்ற பேச்சையே யாரும் எடுக்கவில்லை. சாரம் என்று எழுதியதிலோ மிரட்டலே இல்லை. நாளைக்கு அந்தத் தாளோடு நீதிமன்றத்துக்குப் போனால் எதிர்த்தரப்பு வக்கீல் முதலில் கேட்பது, "அன்றைக்கே ஏன் இதைச் சொல்லவில்லை?" என்றுதான். அவள் சொன்னாள், அய்யா. எழுதவேண்டியவர்கள் எழுதவில்லை.

அப்புறம், அதே ஆள் மறுநாள் போனில் பேசியது அக்காவின் கைப்பேசியில் பதிவாகியிருக்கிறது. "வாட்ஸ்அப்பில் அனுப்பிட்டு அழிச்சிடுங்க, சமாதானமாப் போங்க" என்று ஒரு காவலர் அறிவுரை சொன்னாராம். மின்னணுப் பதிவை நீதிமன்றத்தில் கொடுக்கச் பாரதிய சாக்ஷிய அதிநியத்தின் 63-ஆம் பிரிவின்படி சான்று வேண்டும். மூலப் பதிவு உள்ள கைப்பேசி கையில் இருந்தால்தான் அதில் சந்தேகம் வராது. அழிக்கச் சொல்வது எந்தச் சமாதானத்தில் சேர்த்தி? நல்லவேளை, அவள் அழிக்கவில்லை.

ஏழைப் பெண் தனியாகப் புகார் கொடுத்தால் வாய்த்தகராறு, வசதியானவர் கொடுத்தால் கொலை மிரட்டல் என்று எங்கள் ஊரில் பேசிக்கொள்கிறார்கள். அந்தப் பேச்சு உங்கள் காதுக்கும் வந்திருக்கும். கோபத்தில் அதிகமாக எழுதியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் வேண்டுகோள் ஒன்றுதான். அக்காவை மறுபடி அழைத்து, வாசலில் சொன்னதையும் போனில் சொன்னதையும் நாள், நேரம், அருகில் நின்ற சாட்சியோடு, அவர் சொன்ன சொற்களிலேயே எழுதி வாங்க உத்தரவிடுங்கள். எழுதியதை அவளுக்குப் படித்துக் காட்டி, நகல் ஒன்று கொடுக்கச் சொல்லுங்கள். வழக்குப் பதிவதா, மாஜிஸ்ட்ரேட்டிடம் அனுப்புவதா என்பதை அதற்குப் பிறகு சட்டப்படி முடிவு செய்யட்டும்.

இதே மடலைப் பதிவுத் தபாலிலும் தங்களுக்கு அனுப்பியுள்ளேன். தங்கள் பதிலை எதிர்பார்க்கிறேன்.

இப்படிக்கு,
புகார்தாரரின் தம்பி