உப்பை விட்டுவிட்டீர்கள்

ஆசிரியருக்கு,

வணக்கம். சென்ற இதழில் அட்லாண்டிக் நீரோட்டம் பற்றிய கட்டுரையைப் படித்தேன். 'கல்ஃப் நீரோட்டம் நிற்கப் போகிறது' என்று தலைப்பிலேயே போட்டிருக்க வேண்டாம். அமெரிக்காவின் கிழக்குக் கரையோரம் ஓடும் அந்த வெந்நீரோட்டத்தைப் பெரும்பாலும் ஓட்டுவது காற்று. காற்று வீசும்வரை, பூமி சுழலும்வரை அது ஓடும். ஆபத்தில் இருப்பது ஆழ்கடல் சுழற்சி. வெப்ப மண்டலத்திலிருந்து வடக்கே போகும் மேல்நீர் கிரீன்லாந்து, ஐஸ்லாந்து பக்கம் குளிர்ந்து, கனத்து, அடியில் இறங்கித் தெற்கே திரும்பும் ஓட்டம் அது.

பனி உருகுவதையும் கடல் சூடாவதையும் கட்டுரையாளர் விரிவாகச் சொல்கிறார், உப்பைப் பற்றி ஒரு வரிதான். விஷயமே அங்கேதான் இருக்கிறது. 25 டிகிரி நீரை ஒரு டிகிரி குளிர்வித்தால் எவ்வளவு கனம் கூடுமோ, 2 டிகிரி நீரை அதே அளவு குளிர்வித்தால் அதில் கால்பங்குகூடத் தேறுவது கஷ்டம். உப்பின் கணக்கு அப்படியில்லை. சூடான நீரோ குளிர்ந்த நீரோ, ஒரு கிராம் உப்பு ஏறக்குறைய ஒரே கனத்தைத்தான் சேர்க்கும். அதனால் வடக்கே போகப் போக, நீர் மூழ்குமா மூழ்காதா என்பதை முடிவு செய்வதில் உப்பின் கை ஓங்குகிறது. வட பசிபிக்கும் குளிர்ந்த கடல்தான். ஆனாலும் அங்கே நீர் அடிவரை இறங்குவதில்லை, ஏனென்றால் அதன் மேல்நீரில் உப்பு குறைவு.

இது வெறும் ஏட்டுக் கணக்கு இல்லை. 1960களின் கடைசியில் ஆர்க்டிக்கிலிருந்து வழக்கத்தைவிட அதிகமாகப் பனிக்கட்டியும் நன்னீரும் கிரீன்லாந்தின் கிழக்குக் கரையோரமாக இறங்கின. வழக்கத்துக்கு மேல் வந்தது மட்டும் சுமார் 2,000 கன கிலோமீட்டர் என்று பின்னர் கணக்கிட்டார்கள். அது கிரீன்லாந்துக்கும் கனடாவுக்கும் இடையே உள்ள லாப்ரடார் கடலின் மேல் ஒரு மூடிபோலப் படர்ந்தது. அங்கே நிறுத்தப்பட்டிருந்த 'பிராவோ' என்ற வானிலைக் கப்பலின் அளவுகளில் இது தெரிகிறது: நல்ல குளிர்காலத்தில் 1,000 மீட்டருக்கும் கீழே கலக்கும் நீர், 1969 முதல் 1971 வரை சில நூறு மீட்டரைத் தாண்டவில்லை. மேலே குளிர் அடித்தது, நீரும் குளிர்ந்தது, ஆனால் உப்பு போதாததால் மிதந்துகொண்டே இருந்தது. 1972இன் கடுங்குளிர்தான் அந்த மூடியை உடைத்தது. அப்புறம் அந்த நன்னீர்த் திட்டு வட அட்லாண்டிக்கைச் சுற்றிக்கொண்டு 1970களின் இறுதியில் நார்வே கடல் வரை போய்ச் சேர்ந்தது.

லாப்ரடாரில் மூழ்குவது நின்றதால் மொத்தச் சுழற்சியும் நின்றுவிடவில்லை. 2014இல் தொடங்கிய நேரடி அளவீடுகளின்படி, சுழற்சியில் பெரும்பங்கு கிரீன்லாந்துக்குக் கிழக்கே உள்ள கடல்களில் நடக்கிறது. ஆனால் இயந்திரத்தின் பலவீனம் எங்கே என்பதை அந்த மூன்று குளிர்காலங்கள் காட்டிவிட்டன. வடக்குக்கு உப்பைக் கொண்டுவருவதே இந்தச் சுழற்சிதான். அது தளர்ந்தால் வரும் உப்பு குறையும். மழையும் உருகும் பனியும் மேல்நீரை மேலும் நீர்க்கச் செய்யும், சுழற்சி மேலும் தளரும். அமெரிக்கக் கடலியலாளர் ஹென்றி ஸ்டோமல் 1961இலேயே, வெப்பக் கடலுக்கு ஒன்று, குளிர்க் கடலுக்கு ஒன்று என இரண்டு பெட்டிகளை மட்டும் வைத்துக் கணக்குப் போட்டு, ஒரு எல்லையைத் தாண்டினால் இது படிப்படியாக இல்லாமல் சட்டென்று வேறு நிலைக்குத் தாவலாம் என்று காட்டினார்.

இன்னொன்று. 'ஏற்கெனவே 30 சதவீதம் குறைந்துவிட்டது' என்று கட்டுரை சொல்கிறது. அந்த எண் 2005இல் வந்த ஆய்வினுடையது. 1957க்கும் 2004க்கும் இடையே ஐந்து முறை கப்பலில் போய் அளந்ததை வைத்துச் சொன்னது. 2004இல் புளோரிடாவுக்கும் ஆப்பிரிக்காவுக்கும் இடையே, 26.5 டிகிரி வடக்கில், நிரந்தரக் கருவிகளை நட்டார்கள். முதல் ஆண்டிலேயே ஓட்டம் வினாடிக்கு 40 லட்சம் கன மீட்டருக்கும் 350 லட்சத்துக்கும் இடையே ஊசலாடியது. அப்படி ஆடுகிற ஒன்றை அரை நூற்றாண்டில் ஐந்து முறை பார்த்து, குறைகிறது என்று எப்படிச் சொல்வது? இப்போது கிடைக்கும் சராசரி சுமார் 170 லட்சம். அதில் நீண்டகாலச் சரிவு எவ்வளவு, இயல்பான ஏற்ற இறக்கம் எவ்வளவு என்பதில் இன்னும் வாதம் நடக்கிறது. இந்த நூற்றாண்டில் சுழற்சி தளரும் என்பதில் ஐ.நா.வின் காலநிலை அறிவியல் குழுவான ஐ.பி.சி.சி.க்குச் சந்தேகம் கிட்டத்தட்ட இல்லை. 2100க்குள் திடீரென்று விழாது என்பதில் அதற்கு நடுத்தர நம்பிக்கைதான்.

ஐரோப்பாவின் குளிரோடு கட்டுரை முடிந்துவிட்டது. சுழற்சி தளர்ந்தால் வட அட்லாண்டிக் குளிரும், வெப்ப மண்டல மழைப் பட்டை தெற்கே நகரும், நம் தென்மேற்குப் பருவமழையும் நலியும். பனியுகத்தில் அட்லாண்டிக் தளர்ந்த காலங்களில் பருவக்காற்று பலவீனமாக இருந்ததற்கு அரபிக் கடலின் அடிப் படிவங்கள் சாட்சி. இதன் தொடர்ச்சியாக ஒரு கட்டுரை வெளியிட முடியுமா?

இரா. மு.,
நாகர்கோவில்