ஞாயிறு பணியார நேரலை: நேர வரிசை

மாலை 6.00க்கு ஆச்சி வீட்டு வளவிலிருந்து தொடங்குகிறோம். நாம் பேசுவது பார்ப்பவர்களை எட்ட 20 விநாடி வரை ஆகலாம், அவர்கள் தட்டச்சு செய்ய இன்னும் 20. கேள்வி கேட்டுவிட்டுக் காத்திருந்தால் திரையில் மௌனம்தான்.

அதனால் 6.05க்கு மாவுப் பதம் காட்டும்போதே, "ஓர் உழக்குப் பச்சரிசிக்கு உளுந்து எவ்வளவு?" என்று கேட்டுவிடுங்கள். 6.06க்கு ஆச்சி முதல் கரண்டி ஊற்றுவார்கள். பணியாரம் மேலெழும்பி, திருப்பிப் போடுவதற்குள் பதில்கள் வந்துவிடும். மூன்றை மட்டும் வாசியுங்கள். விடை: அரிசியைத் தலைதட்டி அளந்து, அதன்மேலேயே கோபுரமாக உளுந்து.

6.15க்குக் காரச் சட்னி, 6.20க்குக் கேள்வி நேரம். அதற்கான அழைப்பை 6.19க்கே சொல்லிவிட வேண்டும்.

கமெண்ட் பார்ப்பவர் செல்போனில் ஒலியை அடைத்து வையுங்கள். இல்லாவிட்டால் பழைய பேச்சு மைக்கில் ஏறி எதிரொலிக்கும்.